வேலையின்மை 3 சதவீதம் உயர்ந்ததா, 3 சதவீதப் புள்ளி உயர்ந்ததா?

வாசகர் கேள்வி

"பொருளியல் தேர்வில் ஓர் அட்டவணையைக் கொடுத்து மூன்று உட்கேள்விகள் கேட்டிருந்தார்கள். வேலையின்மை விகிதம் 5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகியிருக்கிறது, எவ்வளவு உயர்ந்தது என்பது முதல் கேள்வி. '3 சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினேன், மதிப்பெண் இல்லை. வட்டி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானதன் சதவீத மாற்றத்தைக் கேட்டார்கள். 25 சதவீதம் என்றேன்; முழு மதிப்பெண். மூன்றாவதில் ஒரு நிறுவனத்தின் சந்தைப் பங்கு 40 சதவீதத்திலிருந்து 34 சதவீதமாகக் குறைந்திருந்தது. மொத்தச் சந்தை 200 அலகிலிருந்து 250 அலகாக வளர்ந்திருந்தது. பங்கின் மாற்றத்தையும் விற்பனையின் மாற்றத்தையும் விளக்கச் சொன்னார்கள். 'பங்கு 15 சதவீதம் குறைந்தது, ஆகவே விற்பனையும் 15 சதவீதம் குறைந்தது' என்று எழுதினேன், பாதி மதிப்பெண். செய்திகளிலேயே '3 சதவீதம் உயர்வு' என்றுதானே எழுதுகிறார்கள்? மறுமதிப்பீடு கேட்டால் கிடைக்குமா? இனிமேல் சதவீதத்தில் உள்ள எந்த எண் மாறினாலும் 'சதவீதப் புள்ளி' என்றே எழுதிவிட்டால் பாதுகாப்புதானே?"

— பெயர் வெளியிட விரும்பாத தேர்வர்

பொருளியல் ஆசிரியரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அடுத்த தேர்வில் உங்களுக்கு மதிப்பெண்ணை இழக்கச் செய்யக்கூடியது. எல்லா இடத்திலும் 'சதவீதப் புள்ளி' என்று எழுதுவது பாதுகாப்பு ஆகாது. இந்தத் தேர்வில் அப்படி எழுதியிருந்தால் முதல் விடைக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால் இப்போது முழு மதிப்பெண் பெற்ற இரண்டாவது விடை தவறாகப் போயிருக்கும். சதவீதமும் சதவீதப் புள்ளியும் ஒரே அளவுக்கு வழங்கும் இரண்டு பெயர்கள் அல்ல. ஒரே மாற்றத்தைப் பற்றிய இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் அவை. எந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டும்.

முதல் விடை ஏன் ஏற்கப்படவில்லை

வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த உழைப்புப் படையில் 10,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலையின்மை விகிதம் 5 சதவீதம் என்றால் 500 பேருக்கு வேலை இல்லை. விகிதம் 8 சதவீதமானால், உழைப்புப் படையின் அளவு மாறாதிருக்கும் பட்சத்தில், 800 பேருக்கு வேலை இல்லை. இப்போது நீங்கள் எழுதிய வாக்கியத்தை அட்டவணையைப் பார்க்காத ஒருவர் படிப்பதாக எண்ணிப் பாருங்கள். '5 சதவீதமாக இருந்த விகிதம் 3 சதவீதம் உயர்ந்தது' என்பதை அவர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், 5-இல் 3 சதவீதமாகிய 0.15-ஐக் கூட்டி, புதிய விகிதம் 5.15 சதவீதம் என்ற முடிவுக்கு வருவார். அதாவது கூடுதலாக வேலை இழந்தவர்கள் 15 பேர் என்பார். உண்மையில் கூடியவர்கள் 300 பேர். விடைத்தாள் திருத்துபவர் உங்கள் மனத்தில் இருந்த கழித்தலைப் பார்க்க முடியாது. தாளில் இருக்கும் வாக்கியத்தைத்தான் பார்க்க முடியும்.

சரியான விடை இரண்டு வடிவங்களில் இருக்கலாம். இரண்டு விகிதங்களின் வித்தியாசத்தைச் சொன்னால் 8 − 5 = 3 சதவீதப் புள்ளி. பழைய விகிதத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் 3 ÷ 5 × 100 = 60 சதவீத உயர்வு. 'எவ்வளவு உயர்ந்தது' என்று மட்டும் கேட்கப்பட்டிருப்பதால், முதல் வடிவத்தைத்தான் பெரும்பாலான திருத்துநர்கள் எதிர்பார்ப்பார்கள். இரண்டாவது வடிவத்தைக் கணக்கோடு காட்டி எழுதியிருந்தாலும் அது பொய்யான வாக்கியம் ஆகியிருக்காது. நீங்கள் எழுதியதோ 3 என்ற எண்ணை ஒரு கணக்கிலிருந்தும், 'சதவீதம்' என்ற அலகை இன்னொரு கணக்கிலிருந்தும் எடுத்துச் சேர்த்தது.

செய்திகளில் அப்படி எழுதப்படுவது உண்மைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் '5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக' என்று பழைய எண்ணும் புதிய எண்ணும் கூடவே வருவதால், வாசகர் தாமே சரிசெய்துகொள்கிறார். தேர்வில் அந்த இரண்டு எண்களும் உங்களுக்கே கொடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றுக்கு இடையிலான மாற்றத்தைச் சரியான அலகோடு சொல்ல உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது.

புள்ளிவிவரங்களை வெளியிடும் அமைப்புகள் இதில் எவ்வளவு கவனமாக இருக்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2020 ஏப்ரல் மாதத்துக்கான வேலையின்மை விகிதத்தை அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் முதன்முதலில் வெளியிட்டபோது, அது 10.3 சதவீதப் புள்ளி உயர்ந்து 14.7 சதவீதமானது என்று குறிப்பிட்டது. முந்தைய மாதம் விகிதம் 4.4 சதவீதம். '10.3 சதவீதம் உயர்ந்தது' என்று எழுதியிருந்தால் புதிய விகிதம் ஏறத்தாழ 4.85 சதவீதம் என்று பொருளாகி, பெருந்தொற்றின் முதல் அடி ஒரு சிறு அசைவைப் போலத் தோன்றியிருக்கும். விகிதத்தின் சதவீத உயர்வோ ஏறக்குறைய 234.

இதே வெளியீட்டில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வேலையில்லாதோரின் எண்ணிக்கை 1 கோடியே 59 லட்சம் கூடி 2 கோடியே 31 லட்சமானது. அது ஏறக்குறைய 220 சதவீத உயர்வு. விகிதம் 234 சதவீதம் உயர, ஆட்களின் எண்ணிக்கை ஏன் 220 சதவீதம் மட்டும் உயர்ந்தது? அந்த மாதத்தில் பலர் வேலை தேடுவதையே நிறுத்திவிட்டதால் உழைப்புப் படை சுருங்கியது. விகிதத்தின் கீழே நிற்கும் வகுக்கும் எண் சிறுத்துவிட்டால், மேலே நிற்கும் எண்ணிக்கையைவிட விகிதம் வேகமாக உயரும். ஆகவே 'விகிதம் 60 சதவீதம் உயர்ந்தது' என்பதிலிருந்து 'வேலையில்லாதோர் 60 சதவீதம் கூடினர்' என்று எழுதுவது, உழைப்புப் படை மாறவில்லை என்று கேள்வியில் சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே சரி. உங்கள் மூன்றாவது விடையில் நடந்த பிழைக்கும் வேர் இதுதான்.

மூன்றாவது விடை: பங்கு குறைந்தது, விற்பனை குறையவில்லை

உங்களுக்குக் கிடைத்த பாதி மதிப்பெண் நியாயமானது என்றே சொல்வேன், ஏனென்றால் உங்கள் வாக்கியத்தின் முதல் பாதி முற்றிலும் சரி. பங்கு 40-இலிருந்து 34 ஆனது; 6 ÷ 40 × 100 = 15 சதவீதக் குறைவு. 6 சதவீதப் புள்ளி குறைந்தது என்று எழுதியிருந்தாலும் சரிதான். பிழை 'ஆகவே' என்ற சொல்லில் தொடங்குகிறது.

சந்தைப் பங்கு என்பது மொத்த விற்பனையில் ஒரு நிறுவனத்துக்குச் சேரும் பகுதி. மொத்தமே மாறிவிட்டால், பகுதியின் அளவைப் பங்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதல் ஆண்டில் மொத்தம் 200 அலகு; அதில் 40 சதவீதம் 80 அலகு. இரண்டாம் ஆண்டில் மொத்தம் 250 அலகு. அதில் 34 சதவீதம் 85 அலகு. பங்கு 6 சதவீதப் புள்ளி இறங்கியபோதும் விற்பனை 80-இலிருந்து 85-ஆக, அதாவது 6.25 சதவீதம் ஏறியிருக்கிறது. சந்தை 25 சதவீதம் வளர்ந்தபோது இந்த நிறுவனம் 6.25 சதவீதம் மட்டுமே வளர்ந்தது; அதனால்தான் அதன் பங்கு சுருங்கியது. வினாத்தாள் அமைத்தவர் மொத்தச் சந்தையின் அளவை அட்டவணையில் கொடுத்ததே நீங்கள் இந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். பங்கைப் பற்றிய கேள்வியோடு மொத்தமும் கொடுக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது அலங்காரத்துக்காக இருக்காது.

பங்குகள் வரும் கணக்கில் விடையைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. அந்தச் சந்தையில் இன்னும் இரண்டு நிறுவனங்கள் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் பங்கு 35-இலிருந்து 38-ஆகவும், மற்றதன் பங்கு 25-இலிருந்து 28-ஆகவும் உயர்ந்தன. சதவீதப் புள்ளிகளில் மாற்றங்கள் −6, +3, +3. கூட்டினால் சுழியம் வருகிறது. பங்குகள் எல்லாம் சேர்ந்து எப்போதும் 100 என்பதால் அப்படித்தான் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கழித்தலில் தவறு. ஆனால் சதவீத மாற்றங்களைப் பாருங்கள்: −15, ஏறத்தாழ +8.6, +12. இவற்றைக் கூட்டுவதில் எந்தப் பொருளும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறொரு தொடக்க எண்ணின் மீது கணக்கிடப்பட்டது.

இதே எண்களை வைத்துத் தேர்வில் வைக்கப்படும் ஒரு பொறி, 'எந்த நிறுவனத்தின் பங்கு அதிகம் உயர்ந்தது' என்ற கேள்வி. புள்ளிகளில் இரண்டும் சமம். தொடக்க நிலையோடு ஒப்பிட்டால் 25-இல் தொடங்கிய நிறுவனம் முந்துகிறது. 'சதவீத அடிப்படையில்' என்றோ 'ஒப்பீட்டளவில்' என்றோ கேள்வியில் இருந்தால் அந்த நிறுவனத்தை எழுதுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால், இரண்டும் 3 சதவீதப் புள்ளி உயர்ந்தன என்று எழுதி, ஒப்பீட்டளவில் எது அதிகம் என்பதையும் அடுத்த வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.

வட்டி விகிதம்: சரியான விடை, ஆனால் எல்லை உண்டு

'சதவீத மாற்றத்தைக் கணக்கிடுக' என்பது நேரடியான கட்டளை. புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்து, பழைய எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். நீங்கள் அதைச் செய்து 25 சதவீதம் என்ற விடையைப் பெற்றீர்கள். இங்கே 1 சதவீதப் புள்ளி என்று எழுதியிருந்தால் கேட்காத கேள்விக்கு விடை சொன்னதாக இருந்திருக்கும்.

இதிலிருந்து கடன்காரரின் சுமையும் 25 சதவீதம் கூடியது என்று அடுத்த படிக்குத் தாவிவிடாதீர்கள். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டுபவருக்கு அது உண்மை: 1 லட்சம் கடனுக்கு ஆண்டு வட்டி 4,000-இலிருந்து 5,000 ஆகிறது. ஆனால் அதே 1 லட்சத்தை 20 ஆண்டுகளில் சமமான மாதத் தவணைகளில் அடைப்பவருக்கு, 4 சதவீத வட்டியில் தவணை சுமார் 606. 5 சதவீத வட்டியில் சுமார் 660. உயர்வு 9 சதவீதம் அளவுக்குத்தான். தவணையில் ஒரு பகுதி அசலுக்குப் போவதால், வட்டி விகிதத்தின் சதவீத உயர்வு முழுவதும் தவணையில் தெரிவதில்லை. ஒரே மாற்றத்துக்கு 1, 9, 25 என்று மூன்று எண்கள் கிடைத்திருப்பதைக் கவனியுங்கள். மூன்றும் சரியானவை, மூன்றும் வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை.

தொடக்க எண் மிகச் சிறியதாக இருக்கும்போது சதவீத மாற்றம் மிகப் பெரிதாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2021 டிசம்பரில் இங்கிலாந்து மத்திய வங்கி தன் வட்டி விகிதத்தை 0.1 சதவீதத்திலிருந்து 0.25 சதவீதமாக உயர்த்தியது. புள்ளியில் பார்த்தால் இது வெறும் 0.15, சதவீதத்தில் பார்த்தால் 150. வட்டி விகித மாற்றங்களை மத்திய வங்கிகளும் நிதிச் சந்தைகளும் அடிப்படைப் புள்ளிகளில் சொல்வதற்கு இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதும் ஒரு காரணம். ஒரு சதவீதப் புள்ளிக்கு 100 அடிப்படைப் புள்ளிகள். ஆகவே அந்த உயர்வு 15 அடிப்படைப் புள்ளிகள். அடிப்படைப் புள்ளி எப்போதும் வித்தியாசத்தைத்தான் குறிக்கும். அதை ஒருபோதும் பழைய எண்ணால் வகுக்க வேண்டாம்.

கேள்வியின் சொற்களில் எதைப் பார்க்க வேண்டும்

தமிழில் வரும் வினாக்களில் சொல்லின் கடைசி எழுத்துகளே பல சமயம் விடையைத் தீர்மானிக்கின்றன. 'வட்டி விகிதம் 6 சதவீதமாக உயர்ந்தது' என்றால் 6 என்பது போய்ச் சேர்ந்த இடம். '6 சதவீதத்தால் உயர்ந்தது' அல்லது '6 சதவீதம் உயர்ந்தது' என்றால் 6 என்பது மாற்றத்தின் அளவு. அவசரத்தில் படிக்கும்போது 'ஆக' என்பதையும் 'ஆல்' என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு தவறான எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குபவர்கள் பலர். கேள்வியைப் படித்ததும் பழைய எண், புதிய எண், மாற்றம் என்ற மூன்றில் எவை இரண்டு கொடுக்கப்பட்டுள்ளன, எது கேட்கப்படுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்வது இந்தப் பிழையைப் பெருமளவு தடுக்கும்.

இதைவிடக் கடினமானது, வினாவே இரு பொருள் தரும்படி அமைந்துவிடுவது. '4 சதவீதமாக இருந்த வட்டி விகிதம் 2 சதவீதம் உயர்ந்தால் புதிய விகிதம் என்ன?' என்ற கேள்விக்குச் சொல்லுக்குச் சொல் விடை 4.08 சதவீதம். ஆனால் கேள்வி கேட்டவர் மனத்தில் 6 சதவீதம் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. தேர்வுத் தாளில் இப்படி எழுதுவது வினா அமைப்பவரின் குறை என்பது என் உறுதியான கருத்து. 'சதவீதப் புள்ளி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் குழப்பத்தை மாணவர் தலையில் சுமத்தக் கூடாது. ஆனாலும் உங்கள் கையில் அந்தத் தாள் வந்துவிட்டால் என்ன செய்வது?

எழுத்துத் தேர்வு என்றால், '2 சதவீத உயர்வு என்பதைப் பழைய விகிதத்தின் 2 சதவீதம் என்று கொண்டால் புதிய விகிதம் 4.08 சதவீதம், 2 சதவீதப் புள்ளி என்று கொண்டால் 6 சதவீதம்' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதி, சொல்லுக்குச் சொல் பொருளின்படி 4.08 என்று முடிவு செய்யுங்கள். கொள்குறி வினா என்றால் விடைத் தெரிவுகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் கவலை இல்லை. இரண்டும் இருந்தால், அந்த வேறுபாடே சோதிக்கப்படுகிறது என்று கொண்டு சொல்லுக்குச் சொல் உள்ள பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் தர்க்கத்துக்குப் பொருத்தமானது. அது எல்லாத் தாள்களிலும் வெல்லும் என்று என்னால் வாக்குறுதி தர முடியாது. ஆனால் பிறகு ஆட்சேபணை எழுப்ப நேர்ந்தால் நீங்கள் நிற்க உறுதியான இடம் அதுதான்.

மேலே ஏறிய எண் திரும்ப இறங்கும் கேள்விகளிலும் ஒரு எச்சரிக்கை தேவை. 5-இலிருந்து 8-க்கு ஏறிய விகிதம் மறுபடி 5-க்கு வந்தால், ஏறியதும் இறங்கியதும் 3 சதவீதப் புள்ளிதான். சதவீதத்தில் ஏறியது 60; இறங்கியது 3 ÷ 8 × 100 = 37.5. '60 சதவீதம் உயர்ந்து 60 சதவீதம் குறைந்தது' என்று எழுதினால் விகிதம் 3.2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதாகப் பொருள்.

மறுமதிப்பீடு கேட்கலாமா

கேட்பதற்கு உங்கள் தேர்வை நடத்திய அமைப்பின் விதி இடம் கொடுத்தால், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன் விடைத்தாளின் நகலையும், வெளியிடப்பட்டிருந்தால் விடைக்குறிப்பையும் பெற்றுப் பாருங்கள். முதல் விடையில் '8 − 5 = 3' என்ற படியை எழுதிக் காட்டியிருக்கிறீர்களா என்பதுதான் நீங்கள் தேட வேண்டியது. விடைக்குறிப்பில் செய்முறைக்குத் தனி மதிப்பெண் ஒதுக்கப்பட்டு, உங்கள் தாளில் அந்தப் படி இருந்தும் சுழியம் போடப்பட்டிருந்தால், உங்கள் கோரிக்கைக்கு வலு உண்டு. விடைக்குறிப்பே '3 சதவீதம்' என்றும் ஏற்கலாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் வலுவானது. படியே இல்லாமல் '3 சதவீதம் உயர்ந்தது' என்ற வாக்கியம் மட்டும் இருந்தால், செய்திகளில் அப்படி எழுதுகிறார்கள் என்ற வாதம் திருத்துநரை நகர்த்தாது. கட்டணம் கட்டி அந்த வாதத்தை முன்வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது விடையை இந்தக் கோரிக்கையில் சேர்க்காதீர்கள். அங்கே கிடைத்த பாதி உங்களுக்கு உரியது, கிடைக்காத பாதி உரியதல்ல. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும் என்ற விதி சில தேர்வுகளில் இருப்பதால், தாள் முழுவதும் மீண்டும் திருத்தப்படுமா, நீங்கள் குறிப்பிடும் கேள்வி மட்டும் பார்க்கப்படுமா என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைசித் தேதியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.